ஐவி எழுதிக் கொடுத்த ஒரு பக்கம்

ஐவிக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். மற்றவர்களுக்கு மலாய் தெரியும், தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழும் தெரியும். இங்கிலீஷ் கடிதம் என்றால் மட்டும் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கை தயங்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதமோ, பெரிய ஆஸ்பத்திரிக் கடிதமோ வந்தால் ஐவி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் படித்துச் சொல்லுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாற்பத்தோரு வயதில் அவள் தோட்டத்துத் தேயிலைக் கடையில் சூப்பர்வைசர். கோலா தெர்லா போகும் ரோட்டிலிருந்து மேலே ஏறினால், மலைச்சரிவைப் பார்த்தபடி கண்ணாடி வைத்துக் கட்டிய கடை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தேயிலைப் பொட்டலம் வாங்குவார்கள், தேநீரும் கேக்கும் சாப்பிடுவார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கடையில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். அவர்களில் மூத்தவள் பவளம். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்து, முழங்கால் தேய்ந்த பிறகு கடைக்கு மாற்றி விடப்பட்டவள். கடைக்கு வந்தும் எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஐவி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளுக்குத் தலைவாரி விட்டிருக்கிறாள். கடையில் ஐவி சூப்பர்வைசர் என்றாலும், பவளத்துக்கு அவள் "ஏ ஐவி"தான். ஐவிக்கு அவள் "பவளக்கா"தான்.

பிப்ரவரி மாதத்தில் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றியபோது, கம்பெனி எல்லாருக்கும் புது வேலைக் கடிதம் கொடுத்தது. நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஈப்போ டவுனிலிருந்து புதன்கிழமைதோறும் மேலே வரும் தர்மேந்திரன் என்ற எச்.ஆர். அதிகாரி, கட்டாகக் கொண்டுவந்து ஐவியின் மேசையில் வைத்தான்.

"ஐவிக்கா, இவங்க எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் பண்ணணும். படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு கீழ ஒரு வரி இருக்கு. நீங்க தமிழ்ல ஒரு பக்கத்துல சுருக்கமா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்லா. சம்பளம், வேலை நேரம், நோட்டீஸ், இது மூணும் போதும்."

அன்று சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் உட்கார்ந்து அவள் எழுதினாள். வக்கீல் பேச்சு எதுவும் இல்லாமல், பவளத்துக்குச் சொல்வது போலவே எழுதினாள்.

"மாதச் சம்பளம் 1,850 ரிங்கிட். அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் பேங்கில் விழும். அதிலிருந்து இ.பி.எஃப். சேமிப்புக்கும் சொக்சோ இன்சூரன்ஸுக்கும் பிடிப்பார்கள். கம்பெனியும் தன் பங்கைத் தனியாகப் போடும். வாரத்தில் ஆறு நாள் வேலை. காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. மொத்தம் நாற்பத்தைந்து மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாள் என்று மாதம் பிறக்கும் முன்னே சொல்வார்கள். ஐந்தரைக்கு மேல் நிற்கச் சொன்னால் மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். வேலையை விடுவதானால் ஒரு மாதத்துக்கு முன்னே எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி உங்களை நிறுத்துவதானாலும் அதே ஒரு மாதம். யார் நோட்டீஸ் கொடுக்காவிட்டாலும், அவர் மற்றவருக்கு அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கட்ட வேண்டும்."

பவளம் அதை வாங்கி உதடு அசையப் படித்தாள். "இவ்வளவுதானா? இதுக்கா நாலு பக்கம் அடிச்சிருக்கான்?" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தர்மேந்திரன் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த சமையலறைச் சுவரில் ஒட்டினான். "மத்தக் கடைக்கும் இதையே அனுப்பலாம் போல இருக்கே" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை மாதம் பவளத்தின் மகள் வசுமதிக்கு ஈப்போவில் குழந்தை பிறந்தது. வசுமதி அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். அவளுக்குப் பிரசவ லீவு தொண்ணூற்றெட்டு நாள். அக்டோபர் பதினாலாம் தேதி திரும்ப வேலைக்குப் போக வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. மருமகனும் லோரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வெளியூர். பவளம் யோசித்து யோசித்து, கடைசியில் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். செப்டம்பர் பத்தாம் தேதி, சுவரில் இருந்த தாளைப் போய் மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு வந்து, ஐவியிடம் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டாள். அக்டோபர் பத்து கடைசி நாள். மூன்று நாள் இடைவெளியில் வீட்டைக் காலி செய்து, சாமான் கட்டி, ஈப்போ போய்விடலாம்.

அன்று புதன்கிழமை. தர்மேந்திரன் மேலே வந்திருந்தான். பவளம் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கடிதத்தை நேரே அவன் கையில் கொடுத்துவிட்டு வந்து, கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் ஐவியின் போன் அடித்தது.

"ஐவிக்கா, அக்டோபர் பத்துன்னு போட்டிருக்கே. டிசம்பர் பத்துன்னுல்ல வரணும்?"

"எதுக்கு டிசம்பர்? ஒரு மாசம்தானே?"

"இல்லைக்கா. மூணு மாசம்."

ஐவி சிரித்தாள். "நல்லாப் பாருங்க தர்மேந்திரன். நானே படிச்சு எழுதினது."

"வேலைக் கடிதம் என் கையிலதான் இருக்கு. நீங்க மூணாவது பக்கத்தைப் பாருங்க."

ஐவி தன்னுடைய வேலைக் கடிதத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் அந்த வரி இருந்தது: எந்தத் தரப்பும் ஒரு மாதம் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தோ, அதற்குப் பதிலாகச் சம்பளம் கொடுத்தோ இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். அவள் நினைத்தது சரிதான். அப்புறம்தான் கவனித்தாள், வரியின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லை. பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாம் பக்கத்தின் தலையில், யூனிபாரம் பற்றிய பத்திக்கு மேலே, பாதி வரி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இது தகுதிகாண் காலத்தில் மட்டும், வேலை நிரந்தரமான பிறகு மூன்று மாதம்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்து மறுபடி படித்தாள். பழைய கடிதத்தில் ஒரு மாதம் என்றுதான் இருந்தது. இந்தக் கடிதத்திலும் ஒரு மாதம் என்று கண்ணில் பட்டதும், சரி அதேதான் என்று நினைத்து அடுத்த பக்கத்தை யூனிபாரத்திலிருந்து படித்திருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பக்கத்தைத் திருப்பும்போது பாதி வரியை விட்டுவிட்டாள்.

போனில் தர்மேந்திரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பவளம் ஒரு மாதத்தில் போனால் மிச்சம் இரண்டு மாதத்துச் சம்பளத்தைக் கட்ட வேண்டும், மூவாயிரத்து எழுநூறு ரிங்கிட், கடைசிச் சம்பளத்தில் அதைப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, அப்படியும் பாக்கி நிற்கும் என்று அவன் சொன்னது தூரத்திலிருந்து கேட்பது போலக் கேட்டது.

பவளத்திடம் சொல்லாமல் எப்படி? கவுண்டருக்குப் பின்னால் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினாள்.

"பவளக்கா, நான் தப்பா எழுதிட்டேன். நோட்டீஸ் மூணு மாசமாம்."

பவளத்துக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கு மூணு மாசம்?"

"நமக்கு எல்லாருக்கும். நீங்க டிசம்பர் வரைக்கும் இருக்கணும். இல்லைன்னா ரெண்டு மாசச் சம்பளம் கட்டணுமாம்."

பவளம் கையிலிருந்த கத்தியைத் தட்டில் வைத்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். ஐவியும் பின்னாலேயே போனாள். சுவரில் இருந்த தாளில் அந்த வரியின்மேல் பவளம் விரலை வைத்தாள்.

"ஒரு மாதம்னு எழுதியிருக்கே. இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாக்கா."

"இதைப் பார்த்துட்டுத்தானே நான் சைன் வச்சேன்? இதைப் பார்த்துட்டுத்தானே இன்னிக்குக் காலையில கடுதாசி குடுத்தேன்?"

"ஆமாக்கா."

"அப்போ அந்தப் பிள்ளையை யாரு பாத்துக்குறது?" என்று பவளம் கேட்டாள். அது ஐவியிடம் கேட்ட கேள்வி மாதிரியும் இல்லை. சுவரைப் பார்த்தே கேட்டாள். அப்புறம் ஐவியின் பக்கம் திரும்பிச் சொன்னாள், "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் ஐவி. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் ஐவி தாங்கியிருப்பாள். பவளம் கையைக் கழுவிவிட்டு மறுபடி கேக் வெட்டப் போய்விட்டாள். அன்று முழுக்க வெளியே மழைமூட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலையே தெரியவில்லை. வந்தவர்கள் படம் எடுக்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஐவி அவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். யார் என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் அவள் லேபர் ஆபீசுக்குப் போன் போட்டாள். பேசிய அதிகாரி பொறுமையான மனுஷர். கடிதத்தைப் போனிலேயே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மலாயில் விளக்கிச் சொன்னார். நோட்டீஸ் எத்தனை நாள் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். எழுதவில்லை என்றால்தான் சட்டத்தில் சொன்ன கணக்கு வரும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் என்றால் நாலு வாரம், ஐந்து வருஷத்துக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். எதுவானாலும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அது சரியாகத்தான் இருக்கிறது.

"அப்போ வழியே இல்லையா சார்?" என்று கேட்டாள்.

"ஏன் இல்லை? நோட்டீஸ் வேண்டாம்னு எந்தத் தரப்பும் விட்டுக்கொடுக்கலாம். சட்டமே அதைத் தடுக்கல. கம்பெனிகிட்ட எழுதிக் கேளுங்க. என்ன நடந்ததுன்னு உள்ளது உள்ளபடி எழுதுங்க. அதுக்கும் சரிப்படலைன்னா இங்க வாங்க, பேசிப் பார்க்கலாம்."

உள்ளது உள்ளபடி. அதாவது, தப்பு யாருடையது என்று அவளே எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில், கடையில் இருந்தவர்களை அவள் சமையலறையில் கூட்டினாள். எல்லார் முன்னாலும் அந்தத் தாளைச் சுவரிலிருந்து பிய்த்தாள். பிளாஸ்டிக் உறையோடு சுவர்ச் சாயமும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. நடந்ததைச் சொன்னாள்.

பில் போடும் சாந்தினி வாயில் கை வைத்துக்கொண்டாள். அவள் தீபாவளி முடிந்ததும் சிங்கப்பூர் போவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். ஒரு மாதம்தானே, அக்டோபரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தவள்.

"நல்லவேளை இப்பச் சொன்னீங்க," என்றாள் கடைசியில். ஆனால் முகத்தில் நல்லவேளை என்ற களை இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து ஐவியின் கையில் கொடுத்து, "வேற ஏதாவது விட்டுப்போச்சா பாருங்க" என்றார்கள். பிப்ரவரியில் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்கள்தான். பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி, அவள் எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னாள். வேறு எதுவும் விட்டுப்போயிருக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சமும் ஆறுதல் இல்லை.

அடுத்த புதன்கிழமை அவளும் பவளமும் ஆபீசுக்குப் போனார்கள். ஐவி எழுதிக்கொண்டு போன கடிதத்தைத் தர்மேந்திரன் படித்தான். கடைசி வரியைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

"தப்பு என்னுடையதுன்னு கையெழுத்துப் போட்டே குடுக்கறீங்களேக்கா. துரை பார்த்தா உங்களுக்கு வார்னிங் லெட்டர் வரும்."

"வரட்டும்."

"அந்தத் தாள் அபிஷியல் இல்ல. பவளம் சைன் வச்சது இங்கிலீஷ் கடிதத்துலதான். படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுதி, கீழதானே சைன் வச்சிருக்காங்க?"

"அவங்க புரிஞ்சுக்கிட்டது நான் எழுதினதை," என்றாள் ஐவி. "எழுதச் சொன்னது நீங்க. சுவத்துல ஒட்டினதும் நீங்க. அவங்க மேல என்ன தப்பு இருக்கு?"

தர்மேந்திரன் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தான். ஐவியே தொடர்ந்தாள். "துரை ஒத்துக்கலைன்னா, அந்த மூவாயிரத்து எழுநூறை நான் கட்டுறேன். மாசாமாசம் பிடிச்சுக்குங்க."

பவளம் சட்டென்று ஐவியின் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்குடி கட்டணும்? உன் பிள்ளைங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டு நான் ஈப்போ போவணுமா? தம்பி, நான் துரைகிட்ட நேரா பேசுறேன். கூப்பிடுங்க. இருபத்தாறு வருஷமா இந்த மலையில வேலை செய்றேன். ஒரு நாள் லேட்டா வந்திருக்கேனா கேளுங்க."

துரை என்று அவர்கள் சொன்ன மேனேஜர் அன்று இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. கம்பெனி, பவளத்தின் விஷயத்தில் மட்டும், மிச்ச இரண்டு மாத நோட்டீஸை விட்டுக்கொடுக்கிறது. கடைசி வேலை நாள் அக்டோபர் பத்து. சம்பளத்தில் அதற்காக எதுவும் பிடிக்கப்படாது. இதை மற்றவர்கள் உதாரணமாகக் காட்டக் கூடாது. கூடவே ஐவி பேருக்கு இன்னொரு உறையும் வந்தது. தர்மேந்திரன் சொன்ன வார்னிங் லெட்டர். அவள் அதற்குப் பதில் எழுதவில்லை, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

பவளத்திடம் போய்ச் சொன்னபோது, அவள் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். "சரி," என்றாள். அவ்வளவுதான். ஐவி எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. மிச்சம் இருந்த மூன்று வாரமும் பவளம் வேலையைப் பற்றி மட்டுமே பேசினாள். "சக்கரை தீர்ந்துபோச்சு." "அந்த மேசையில பில் கேக்குறாங்க." ஏ ஐவி என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. பெயர் சொல்லாமலே கூப்பிட்டாள்.

கடைசி நாள் சாயங்காலம், சாந்தினியும் மற்றவர்களும் கேக் வெட்டிப் பாட்டுப் பாடி அனுப்பிவைத்தார்கள். எல்லாரும் போன பிறகு பவளம் யூனிபாரத்தை மடித்து ஐவியின் மேசையில் வைத்தாள்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றாள். "பதில் வர்ற வரைக்கும் நான் தூங்கல. வசுமதிகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா நீ அந்த ஆபீஸ்ல உக்காந்து, தப்பு என்னுதுன்னு சொன்னியே, நம்ம தோட்டத்துல அந்த மாதிரி எவன் சொல்லியும் நான் கேட்டதில்ல. கோவம் போறதுக்குக் கொஞ்ச நாள் ஆவும். ஆனதும் நானே போன் போடுறேன்."

போன் இரண்டு மாதம் கழித்து வந்தது. குழந்தை முதல் தடவையாகக் குப்புறத் திரும்பிப் படுத்ததைச் சொல்லத்தான் போட்டாள். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள்.

அதற்குள் ஐவிக்கும் தர்மேந்திரனுக்கும் இன்னொரு தகராறு நடந்து முடிந்திருந்தது. புதுத் தாள் எழுத வேண்டும் என்றான் அவன். ஆனால் சம்பளமும் வேலை நேரமும் போதும், நோட்டீஸைத் தமிழில் எழுத வேண்டாம், வம்பு எதற்கு என்றான். எழுதினால் முழுக்க எழுதுவேன், இல்லை என்றால் எழுதவே மாட்டேன் என்று ஐவி நின்றாள். கடைசியில் எழுதியது அவள்தான். எழுதி முடித்து இங்கிலீஷ் கடிதத்தோடு சேர்த்து தர்மேந்திரனிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து அவனும் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே போட்டான். "சேர்ந்த முதல் மூன்று மாதம் வரை, ஒரு மாத நோட்டீஸ். வேலை நிரந்தரமான பிறகு, மூன்று மாத நோட்டீஸ். இது உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒன்றுதான்" என்று அந்தத் தாளில் இருந்தது.

டிசம்பர் பள்ளி விடுமுறைக் கூட்டம் தொடங்கிய வாரம், பவளத்தின் இடத்துக்குத் திரிங்காப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். பூத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவள், நிக்கோல் என்று பெயர். கை வேகம், பேச்சும் சுறுசுறுப்பு. ஐவிக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. கடிதத்தையும் தமிழ்த் தாளையும் கொடுத்து, உட்கார்ந்து நிதானமாகப் படி என்றாள். நிக்கோல் படித்தாள். நோட்டீஸ் இடத்துக்கு வந்ததும் தலை நிமிர்ந்தாள்.

"மூணு மாசமாக்கா? நெஜமாவா?"

"நெஜம்தான்."

"எங்க வீட்டுக்காரருக்கு எப்ப எந்த ஊருக்கு மாத்தல் வரும்னே தெரியாது. ரெண்டு வாரத்துல கெளம்பச் சொல்லுவாங்க. இது எனக்குச் சரிப்படாதுக்கா."

வெளியே வரிசை கதவு வரைக்கும் நீண்டிருந்தது. கவுண்டரில் ஒரு ஆள் குறைவு. தலையை ஆட்டி, பார்த்துக்கலாம், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று ஐவிக்குத் தெரிந்தது.

"யோசிச்சுப் பாரும்மா," என்றாள். "சரிப்படலைன்னா வேணாம்."

நிக்கோல் இரண்டு தாளையும் மேசையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்து போனாள். ஐவி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போய், அடுத்தவர் யார் என்று கேட்டாள்.